இடைநிறுத்துவதா, இரத்துச் செய்வதா? வெளியேறும் வாசலில் காட்டப்படும் விலைக்கழிவின் கணக்கு

கடந்த ஆண்டு செப்டெம்பர் 20ஆம் திகதி இரவு, காணொளி எடிட் செய்யும் மென்பொருள் ஒன்றின் சந்தாவை இரத்துச் செய்வதற்காக மடிக்கணினியைத் திறந்தேன். வெளிநாட்டு நிதியில் நடந்த இரண்டு வேலைத்திட்டங்கள் அந்த வருடம் இடையில் நின்றுபோயிருந்தன. சுதந்திர ஊடகவியலாளருக்கு வேலை இல்லாத மாதத்தில் சம்பளமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் 25ஆம் திகதி 22 டொலர் வங்கி அட்டையிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 6,600 ரூபாய். வங்கி தன் பங்குக்கு மாற்று விகிதத்தில் கொஞ்சம் கூட்டியே வெட்டும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். முக்கால் மணித்தியாலம் போனது. கடைசியில் நான் இரத்துச் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்பதையும், ஆறு மாதம் கழித்து அதே நிறுவனம் அதைவிடப் பெரிய சலுகையைத் தந்தபோது ஏன் மறுத்தேன் என்பதையும் இங்கே கணக்குடன் எழுதுகிறேன். திரைப்படத் தளம், பிள்ளைகளின் கற்றல் செயலி, புகைப்படச் சேமிப்பு என்று இப்போது அநேகமான வீடுகளில் ஒரு சந்தாவாவது இருக்கிறது. பணம் கட்டுவது கனடாவில் இருக்கும் அண்ணனின் அட்டையாகவும் இருக்கலாம், நமது வங்கிக் கணக்காகவும் இருக்கலாம். யாருடைய பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

முதலில் அந்த முக்கால் மணித்தியாலத்தில் திரையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். Cancel என்பதை அழுத்தியதும் கடவுச்சொல்லைத் திரும்பக் கேட்டது. அடுத்த பக்கத்தில் ஏன் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி. விலை அதிகம், பாவிப்பது குறைவு, தொழில்நுட்பச் சிக்கல், வேறொன்றுக்கு மாறுகிறேன் என்று தெரிவுகள் இருந்தன. ஏதோ ஒரு கருத்துக்கணிப்பு என்று நினைத்து நான் 'பாவிப்பது குறைவு' என்பதை அழுத்தினேன். உடனே 'இரண்டு மாதம் இடைநிறுத்தலாமே' என்று ஒரு பக்கம் வந்தது. பின்னால் திரும்பிப்போய் 'விலை அதிகம்' என்பதை அழுத்திப் பார்த்தேன். இப்போது இடைநிறுத்தம் வரவில்லை. 'அடுத்த மூன்று மாதத்துக்குப் பாதி விலை' என்று வந்தது.

அந்தக் கேள்வியின் உண்மையான வேலை இதுதான். நீங்கள் சொல்லும் காரணத்தைப் பார்த்து, உங்களுக்கு எந்தச் சலுகையைக் காட்டுவது என்று அது பிரிக்கிறது. நிறுவனங்களுக்கு இதைச் செய்துகொடுப்பதற்கென்றே தனியாக மென்பொருள்கள் விற்கப்படுகின்றன. விலைதான் பிரச்சினை என்பவரிடம் விலையைக் குறைத்தால் இருப்பார். நேரம் இல்லை என்பவருக்குக் கழிவு கொடுப்பது வீண், அவருக்கு இடைநிறுத்தத்தைக் காட்டினால் போதும். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமான யோசனைதான். நமக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, முதலில் காட்டப்படும் சலுகை ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது என்பது. எல்லாத் தளங்களிலும் இப்படி நடக்காது. சிலவற்றில் எந்தச் சலுகையும் இல்லாமல் நேராக முடிந்துவிடும்.

இந்தப் பக்கங்கள் நீளமாக இருப்பது எப்போதும் தற்செயல் அல்ல. அமெரிக்காவில் அமேசன் நிறுவனம் தனது பிரைம் சந்தாவை இரத்துச் செய்யும் பாதைக்கு உள்ளுக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்'. பத்து வருடம் நீண்ட யுத்தத்தைப் பற்றிய கிரேக்கக் காவியத்தின் பெயர் அது. சம்மதமில்லாமல் சந்தாவில் சேர்த்தது, வெளியேறுவதைக் கடினமாக்கியது என்று அந்நாட்டின் வர்த்தக ஆணையம் போட்ட வழக்கில், 2025 செப்டெம்பரில் 2.5 பில்லியன் டொலருக்கு நிறுவனம் இணக்கத்துக்கு வந்தது. அதில் 1.5 பில்லியன் வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது. அந்தத் தொகை நமது ஊருக்கு வரப்போவதில்லை. ஆனாலும் பாதை ஏன் இப்படி வளைகிறது என்று விளங்கிக்கொள்ள அது உதவும்.

என் கதைக்கு வருகிறேன். பாதி விலை என்ற பக்கத்துக்கு முன்னால் இன்னொரு விடயம் என்னை நிறுத்தியது. இப்போது இரத்துச் செய்தால் 66 டொலர் கட்ட வேண்டும் என்று சிறிய எழுத்தில் இருந்தது. நான் மாதாமாதம் கட்டுவதால் என்னுடையது மாதச் சந்தா என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அது வருட ஒப்பந்தம். கட்டுவது மட்டும் மாதத் தவணையில். மார்ச் 25ஆம் திகதி சேர்ந்தபோது 33 டொலர், 22 டொலர் என்று இரண்டு விலை இருந்ததும், மலிவானதை அழுத்தியதும் நினைவுக்கு வந்தது. 33 டொலர்தான் உண்மையான மாதச் சந்தா; எந்த மாதமும் விட்டுப்போகலாம். 22 டொலர் என்பது பன்னிரண்டு மாதம் இருப்பேன் என்று கொடுத்த வாக்குக்கான விலை. நடுவில் போனால் மிச்சத் தவணைகளின் அரைவாசியைத் தண்டமாகக் கட்ட வேண்டும். எனக்கு இன்னும் ஆறு தவணை இருந்தது. ஆறு தடவை 22 என்றால் 132, அதன் அரைவாசி 66.

ஆகவே எந்தச் சலுகையையும் பார்க்க முதல் செய்ய வேண்டிய வேலை, உங்களுடையது மாதச் சந்தாவா, மாதத் தவணையில் கட்டும் வருட ஒப்பந்தமா என்று பார்ப்பது. கணக்குப் பக்கத்தில் annual என்ற சொல் எங்காவது இருக்கிறதா, அடுத்த புதுப்பிப்புத் திகதி அடுத்த மாதமா அல்லது பல மாதம் கழித்தா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இது தெரியாமல் செய்யும் கணக்கு முழுவதும் பிழையாகப் போகும்.

ஒரு கடதாசியை எடுத்து எனக்குமுன் இருந்த வழிகளை ரூபாயில் எழுதினேன். அதற்கு முன், அடுத்த ஆறு மாதத்தில் எனக்கு இந்த மென்பொருள் உண்மையில் எப்போது தேவை என்று எழுதினேன். நவம்பரில் ஒரு பெண்கள் அமைப்புக்குப் பத்து நிமிடக் காணொளி. பெப்ரவரியில் இன்னொரு வேலை. மொத்தம் இரண்டு மாதம். 'சிலவேளை தேவைப்படும்' என்பதை எழுதக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஏனென்றால் அந்தச் 'சிலவேளை'க்குத்தான் நான் பல வருடம் பணம் கட்டியிருக்கிறேன்.

முதல் வழி, உடனே இரத்துச் செய்வது. தண்டம் 19,800 ரூபாய். பிறகு நவம்பரிலும் பெப்ரவரியிலும் மட்டும் மாதச் சந்தாவாக, மாதம் 33 டொலர் வீதம், எடுத்தால் இன்னும் 19,800. மொத்தம் 39,600 ரூபாய்.

இரண்டாவது, ஒன்றும் செய்யாமல் மார்ச் வரை கட்டி முடிப்பது. ஆறு தடவை 6,600 என்றால் அதுவும் 39,600 ரூபாய்தான். இதைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. இரத்துச் செய்து மிச்சம் பிடிக்கப்போகிறேன் என்று வந்தவளுக்கு ஒரு சதம்கூட மிச்சமில்லை.

மூன்றாவது, இரண்டு மாத இடைநிறுத்தம். அதன் விபரத்தை வாசித்தபோது, இடைநிறுத்தும் இரண்டு மாதமும் ஒப்பந்தத்தின் முடிவில் சேர்க்கப்படும் என்று இருந்தது. அதாவது ஆறு தவணையும் அப்படியே இருக்கும், மார்ச்சில் முடிவது மே மாதத்துக்குத் தள்ளிப்போகும். அதோடு, நவம்பர் மாதத்தின் பெரும் பகுதி மென்பொருள் பூட்டியிருக்கும். வேலை இருப்பதே அப்போதுதான்.

நான்காவது, பாதி விலை. மூன்று மாதத்துக்கு 3,300 வீதம் 9,900, மிச்ச மூன்று மாதத்துக்கு 6,600 வீதம் 19,800. மொத்தம் 29,700 ரூபாய். மற்ற எல்லாவற்றையும்விடக் கிட்டத்தட்ட பத்தாயிரம் ரூபாய் குறைவு, மென்பொருளும் ஆறு மாதம் முழுக்க இருக்கும்.

அழுத்தப் போன விரலை ஒரு சந்தேகம் நிறுத்தியது. இந்தக் கழிவை ஏற்றுக்கொண்டால் என் ஒப்பந்தம் மார்ச்சிலேயே முடியுமா, அல்லது இன்றிலிருந்து புதிய பன்னிரண்டு மாதம் தொடங்குமா? பக்கத்தில் 'உங்கள் திட்டம் வருடாந்தம் புதுப்பிக்கப்படும்' என்று மட்டும் இருந்தது. இரண்டுக்கும் பொருந்தக்கூடிய வசனம். புதிய வருடம் தொடங்குமானால் மூன்று மாதம் 3,300 வீதமும் ஒன்பது மாதம் 6,600 வீதமும் கட்ட வேண்டும். 69,300 ரூபாய். அதே பாதி விலை, அதே மூன்று மாதம், ஆனால் 29,700க்குப் பதிலாக 69,300.

வாடிக்கையாளர் உதவி அரட்டைப் பெட்டியைத் திறந்து கேட்டேன். கேள்வியை மிக நேராகக் கேட்க வேண்டும். 'இந்தச் சலுகை நல்லதா' என்று கேட்டால் அவர்கள் நல்லது என்றுதான் சொல்வார்கள். நான் கேட்டது, 'இதை ஏற்றுக்கொண்டால் என் ஒப்பந்தம் முடியும் திகதி மார்ச் 25 என்பது மாறுமா, மாறாதா?' பதினைந்து நிமிடம் காத்திருந்த பிறகு மாறாது என்று பதில் வந்தது. அதைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு சலுகையை ஏற்றேன். அடுத்த நாள் கணக்குப் பக்கத்தைத் திறந்து திகதி மாறவில்லை என்று பார்த்தேன். ஏற்ற மறுநாளே பார்ப்பது முக்கியம். மாறியிருந்தால் கையில் பதிலின் படத்தோடு உடனே போய்க் கேட்கலாம், ஐந்து மாதம் கழித்துக் கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

ஒப்பந்தம் இல்லாத சாதாரண மாதச் சந்தாவுக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. அங்கே ஒரு கணக்குப் போதும். தருகிற சலுகையை முழு விலை மாதங்களாக மாற்றிப் பாருங்கள். மூன்று மாதத்துக்குப் பாதி விலை என்றால் ஒன்றரை மாத முழு விலையைக் கட்டுகிறீர்கள். அந்த மூன்று மாதத்தில் இரண்டு மாதமோ அதற்குக் கூடவோ நிச்சயமாகப் பாவிப்பீர்கள் என்றால் சலுகை இலாபம். ஒரு மாதம் மட்டும்தான் என்றால் இரத்துச் செய்துவிட்டு அந்த ஒரு மாதம் முழு விலைக்கு எடுப்பதே மலிவு. மூன்று மாதத்துக்கு 20 வீதக் கழிவு என்பது இரண்டரை மாத விலைக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மூன்று மாதமும் பாவித்தால்தான் பயன். அப்படிப் பாவிப்பவர் முதலிலேயே இரத்துச் செய்ய வந்திருக்க மாட்டார்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சில சந்தாக்களில் பழைய வாடிக்கையாளருக்குப் பழைய விலை தொடரும், புதிதாகச் சேர்பவருக்கு விலை கூடியிருக்கும். போய்த் திரும்பி வந்தால் நீங்கள் புதியவர். அப்போது திரும்பி வரும் விலையைக் கணக்கில் போட வேண்டும். தளத்திலிருந்து வெளியேறி, புதியவர்போல விலைப்பக்கத்தைத் திறந்து பார்த்தால் அது தெரியும். டொலர் சந்தா வைத்திருப்பவர்களுக்கு நிலையான விலை என்பதும் அரைவாசிதான் உண்மை. 2022இல் சில வாரங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, நிறுவனம் ஒரு சதமும் கூட்டாமலே நமது சந்தாக்கள் முக்கால் மடங்குக்கு மேல் கூடின.

இனி இடைநிறுத்தம். அது எனக்குப் பொருந்தவில்லை என்பதால் எல்லாருக்கும் பொருந்தாது என்றில்லை. கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். சின்னதாக ஒரு தையற்கடை வைத்திருக்கிறார். மகனுக்கு கணிதம் படிக்க ஒரு செயலியில் மாதம் 1,500 ரூபாய்ச் சந்தா. வங்கி அட்டையில் தானாக வெட்டும். சோதனை முடிந்து பெறுபேறு வரும்வரை தேவையில்லை என்று இரண்டு மாதம் இடைநிறுத்தினார்கள். காரணம் நியாயமானது. இரத்துச் செய்தால் பிள்ளை எழுதிய பயிற்சிகளும் புள்ளிகளும் அழிந்துவிடும், பழைய விலையும் போய்விடும் என்று செயலி சொன்னது.

நான்கு மாதம் கழித்து ஒருநாள் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, வங்கியில காசு குறையுது. 1,500 ரூபாய் ரெண்டு தரம் போயிருக்கு. நாங்கள்தானே அதை நிப்பாட்டினாங்கள்?"

"நிப்பாட்டினதா அக்கா, இடைநிறுத்தினதா?"

"ரெண்டும் ஒண்டுதானே?"

இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் முழுப் பிரச்சினையும். இடைநிறுத்தம் என்பது திகதி குறிக்கப்பட்ட மீள்தொடக்கம். அந்தத் திகதி வந்ததும் யாரையும் கேட்காமல் பணம் வெட்டத் தொடங்கும். நிறுவனங்கள் இரத்துக்குப் பதில் இடைநிறுத்தத்தை விரும்பிக் காட்டுவதற்கான காரணமும் இதுதான். இரத்துச் செய்தவர் திரும்பி வர வேண்டுமென்றால் அவராக ஏதாவது செய்ய வேண்டும். இடைநிறுத்தியவர் திரும்பி வராமல் இருக்க வேண்டுமென்றால்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

ஞாபகமூட்டல் வரவில்லையா என்று கேட்டேன். வந்திருக்கும், மின்னஞ்சலுக்கு. அந்த மின்னஞ்சல் முகவரி, புதுத் தொலைபேசி வாங்கிய அன்று பக்கத்துக் கொமியூனிகேஷன் கடைத் தம்பி உருவாக்கிக் கொடுத்தது. கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும். அவர் இப்போது கட்டாரில். வன்னியில் எத்தனை வீடுகளில் இந்தக் கதை இருக்கிறது என்று எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும்.

நல்லகாலம், சந்தா ப்ளே ஸ்டோர் வழியாக எடுக்கப்பட்டிருந்தது, தொலைபேசியும் அதே கணக்கில் திறந்தே இருந்தது. ப்ளே ஸ்டோரில் மேலே இருக்கும் படத்தை அழுத்தி, Payments & subscriptions, பிறகு Subscriptions என்று போகச் சொன்னேன். அங்கே அந்தச் செயலியின் பெயரும் அடுத்த வெட்டுத் திகதியும் இருந்தன. Cancel subscription அழுத்தியதும் முடிந்தது. அதற்கு முன் மகன் ஒரு காரியம் செய்திருந்தான். பணம் போகிறது என்று தெரிந்ததும் செயலியைத் தொலைபேசியிலிருந்து அழித்துவிட்டான். செயலியை அழித்தால் சந்தா நிற்காது. அது கணக்கில் இருக்கிறது, தொலைபேசியில் இல்லை. இந்த ஒரு தவறைத்தான் நான் அடிக்கடி காண்கிறேன். அட்டையை வங்கியில் முடக்கினால் பணம் போவது நிற்கலாம், ஆனால் என்னுடையதைப் போன்ற வருட ஒப்பந்தமாக இருந்தால் ஒப்பந்தம் அப்படியே நிற்கும்.

அக்கா இடைநிறுத்தியது பிழையா? பிழை என்று நான் சொல்ல மாட்டேன். இரத்துச் செய்தால் இழக்கக்கூடிய ஒன்று அவரிடம் இருந்தது. ஆனால் எப்போது திரும்பத் தொடங்குவோம் என்ற திகதி அவரிடம் இருக்கவில்லை. பெறுபேறு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? இரண்டும் சேர்ந்திருந்தால்தான் இடைநிறுத்தம் பொருந்தும். திகதி தெரியாவிட்டால் இரத்துச் செய்வதே பாதுகாப்பு, ஏனென்றால் பெரும்பாலான மாதச் சந்தாக்களில் இரத்துச் செய்த பிறகும் கட்டிய மாதம் முடியும்வரை பாவிக்கலாம், விரும்பிய நாள் திரும்பவும் சேரலாம். இடைநிறுத்துவதானால் அந்த மீள்தொடக்கத் திகதிக்கு மூன்று நாள் முன்னதாகத் தொலைபேசியில் ஓர் எச்சரிக்கை மணி வையுங்கள். மின்னஞ்சலை நம்ப வேண்டாம்.

இடைநிறுத்தும் வசதி எல்லாச் சந்தாவிலும் கிடைப்பதில்லை. ப்ளே ஸ்டோரில்கூட, செயலியை உருவாக்கியவர் அனுமதித்திருந்தால்தான் அந்தத் தெரிவு தெரியும். அழுத்தியவுடனும் அது தொடங்காது, ஏற்கெனவே கட்டிய காலம் முடிந்த பிறகே தொடங்கும். சேமிப்பிடச் சந்தாக்கள் வேறு வகை. நமது புகைப்படங்கள் ஒவ்வொரு நாளும் அவர்களுடைய இயந்திரத்தில் இடம் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அதை இரண்டு மாதம் நிறுத்தி வை என்று சொல்ல முடியாது.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எனது மென்பொருள் சந்தாவோடு ஒரு மேகச் சேமிப்பும் சேர்ந்து வந்தது. அதில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளோடு நான் எடுத்த நேர்காணல்கள் இருந்தன. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி வீதியோரப் போராட்டம் தொடங்கிய பிறகு, அங்கே இருந்த அம்மாக்கள் சிலரோடு வேறு வேறு நாட்களில் கதைத்தவை. அவர்களில் ஓர் அம்மா இப்போது உயிரோடில்லை. மகனை எப்படி ஒப்படைத்தேன் என்று அவர் தன் வாயால் சொன்ன நாற்பது நிமிடம் அதில் இருக்கிறது. ஒலி சரியில்லை என்று நான் திரும்பத் திரும்ப நிறுத்தியதும் இருக்கிறது.

செப்டெம்பரில் அந்த இரத்துப் பக்கத்தின் அடியில், சந்தா முடிந்து 30 நாட்களின் பின் இலவச அளவுக்கு மேலுள்ள கோப்புகள் அழிக்கப்படலாம் என்று இருந்தது. பாதி விலை கிடைத்ததில் எனக்குக் கிடைத்த பெரிய இலாபம் பத்தாயிரம் ரூபாயைவிட இந்த அவகாசம்தான் என்று இப்போது நினைக்கிறேன். அதைச் சலுகைப் பக்கம் சொல்லவில்லை, நான்தான் கண்டுபிடித்தேன்.

சேமிப்பிடம் தரும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இது வேறுபடும். கூகிளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. பணம் கட்டுவதை நிறுத்தி, அந்த அளவுக்கு மேல் வைத்திருந்தால் புதிய படங்கள் ஏறாது. மின்னஞ்சலும் அதே இடத்தைப் பாவிப்பதால் கடிதம் அனுப்பவும் பெறவும் முடியாமல் போகும். இரண்டு வருடம் அப்படியே அளவுக்கு மேலிருந்தால் உள்ளிருப்பவை அழிக்கப்படலாம். வெளிநாட்டில் இருக்கும் மகன் அட்டையில் கட்டிக்கொண்டிருக்க, அட்டை காலாவதியானதை யாரும் கவனிக்காமல் விட்டால், இழுத்தெடுத்து வந்த ஒரே குடும்பப் படத்தின் ஸ்கான் பிரதி அங்கே இருக்கலாம். அட்டை காலாவதியாவதும் ஒரு வகை இரத்துத்தான், நாம் முடிவெடுக்காத இரத்து.

ஆகவே ஒக்ரோபர் முழுவதும் இரவுகளில் பதிவிறக்கினேன். பகலில் எங்கள் ஒழுங்கையில் இணைய வேகம் போதாது, நடுச்சாமத்துக்குப் பிறகு பரவாயில்லை. அப்போது இன்னொன்று விளங்கியது. எடிட் செய்த கோப்பு அந்த மென்பொருளில் மட்டுமே திறக்கும். சந்தா முடிந்தால் கோப்பு கையில் இருக்கும், பார்க்க முடியாது. எனவே ஒவ்வொரு நேர்காணலையும் எந்தக் கணினியிலும் ஓடும் mp4 ஆகவும், ஒலியைத் தனியாக wav ஆகவும் வெளியே எடுத்தேன். இந்த வேலையைச் சந்தா உயிரோடிருக்கும்போது மட்டும்தான் செய்யலாம். எடுத்த பிறகு ஒவ்வொன்றையும் திறந்து, தொடக்கம், நடு, முடிவு மூன்றும் ஓடுகிறதா என்று பார்த்தேன். இரண்டு கோப்புகள் பாதியில் நின்றன, திரும்ப எடுத்தேன். பார்க்காமல் விட்டிருந்தால் அவை போனவைதான்.

நவம்பர் வேலையும் பெப்ரவரி வேலையும் முடிந்தன. மார்ச் 10ஆம் திகதிக்குத் தொலைபேசியில் வைத்திருந்த மணி அடித்தது. 25க்கு முன் இரத்துச் செய்தால் தண்டம் இல்லை, ஒருநாள் பிந்தினாலும் இன்னொரு வருடம். மடிக்கணினியைத் திறந்து அதே பாதையில் போனேன். இந்தமுறை சலுகை இன்னும் பெரியது. இரண்டு மாதம் முற்றிலும் இலவசம்.

அதே கடதாசிக் கணக்கைத் திரும்பப் போட்டேன். இரண்டு மாதம் இலவசம் என்றாலும் அது புதிய வருட ஒப்பந்தத்தின் முதல் இரண்டு மாதம். மிச்சப் பத்து மாதத்துக்கு 66,000 ரூபாய். வரும் வருடத்தில் எனக்கு நிச்சயமாக உள்ள வேலை மூன்று மாதத்துக்குரியது. மூன்று மாதம் மட்டும் 33 டொலர் விலைக்கு எடுத்தால் 29,700 ரூபாய். செப்டெம்பரில் வாக்குக் கொடுத்துவிட்டு நடுவில் நின்றேன், தண்டம் என் கழுத்தில் இருந்தது, கழிவு எனக்கு உதவியது. மார்ச்சில் நான் எதற்கும் கட்டுப்பட்டிருக்கவில்லை. இலவசம் என்று அவர்கள் தந்தது எனக்கு 36,300 ரூபாய் கூடுதல் செலவு.

மறுத்தேன். 'உறுதியாகப் போகிறீர்களா' என்று இன்னும் இரண்டு தரம் கேட்டது. இரத்து உறுதியான பக்கத்தையும், அதன்பின் வந்த மின்னஞ்சலையும் படம் எடுத்து வைத்தேன். உறுதி மின்னஞ்சல் வராவிட்டால் இரத்து முடியவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பொத்தானுக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்தது என்று நினைத்து மூடிவிடுபவர்கள் உண்டு. மார்ச் 25 கடந்து இரண்டு நாளில் வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தேன். எதுவும் வெட்டுப்படவில்லை.

நேர்காணல்கள் இப்போது இரண்டு வன்தட்டுகளில் இருக்கின்றன. ஒன்று யாழ்ப்பாணத்தில் என் மேசை இலாச்சியில். மற்றதைக் கிளிநொச்சியில் அந்தத் தையற்கடை அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். ஒரு வீட்டில் தண்ணீர் ஏறினாலும் மற்றது இருக்கும். அக்கா அதைத் துணிகளுக்கு நடுவில் பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறார். அவருடைய மகன் அடுத்த தவணைக்கு அந்தக் கணிதச் செயலியைத் திரும்ப எடுக்கப் போகிறானாம். இந்தமுறை மின்னஞ்சல் முகவரியை அக்காவே உருவாக்கி, கடவுச்சொல்லைக் கடை நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். நாட்காட்டி வேண்டாம், வாடிக்கையாளர் பார்ப்பார்கள், அளவுக் கொப்பியில் எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.